உப்பு போட்டாச்சு

அந்தச் சமையலறையில் ஓரகத்திகள் இருவரும் பேசிக்கொள்வதை நிறுத்தி மூன்று வாரம் ஆகியிருந்தது. அதைச் சண்டை என்று சொன்னால் சண்டைக்கே அவமானம். ஒரு குரல் உயரவில்லை, ஒரு பாத்திரம் உருளவில்லை. இளையவள் ஒருநாள் காலையில், "அக்கா, ஒருநாள் லீவு வேணும். வேற ஒண்ணும் இல்ல, சும்மா படுத்துத் தூங்கணும்" என்று கேட்டாள். மூத்தவள் தக்காளி நறுக்கிக்கொண்டே, "தூக்கமா? அது எப்படி இருக்கும்னே எனக்கு மறந்து போச்சு" என்று சொல்லிச் சிரித்தாள். பக்கத்தில் நின்ற காய்கறிக்காரரும் கூடச் சிரித்துவிட்டார். அவ்வளவுதான் விஷயம்.

மூத்தவள் அதை வேடிக்கைக்காகச் சொன்னாளா, மனதில் இருந்ததைச் சொன்னாளா என்று கேட்டால் இரண்டும்தான். பத்து வருடமாக அந்த அடுப்புக்கு முன்னால் நிற்கிறவள் அவள். இரண்டு கால்களிலும் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்திருக்கிறது. உட்கார்ந்தால் எழ முடியாது என்று பயந்தே உட்காராமல் இருக்கிறாள். இளையவளுக்கோ வீட்டில் இரட்டைக் குழந்தைகள். ஒன்று தூங்கும்போது மற்றது விழிக்கும். இரண்டும் சேர்ந்து தூங்கிய இரவு ஒன்று வந்ததாகச் சரித்திரம் இல்லை. ஆக, யார் அதிகமாகக் களைத்தவர் என்பதில்தான் இருவருக்கும் போட்டி. வென்றாலும் பரிசு கிடையாது. ஆனாலும் யாரும் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

கடை அண்ணன் தம்பி இருவருடையது. அண்ணன் கல்லாவில் உட்காருவார். தம்பி வண்டியில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பார். அடுப்படி மட்டும் பெண்டாட்டிமார் கையில். அலுவலகங்கள் நிறைந்த தெரு, மதியம் ஒன்றரை மணி நேரம் கூட்டம் முட்டும். விற்பது பாஸ்தாவும் நூடுல்ஸும்தான். இடது அடுப்பும் பாஸ்தாவும் மூத்தவளுக்கு, வலது அடுப்பும் நூடுல்ஸும் இளையவளுக்கு. இருவருக்கும் நடுவில் ஒரு உப்பு ஜாடி, ஒரு அலுமினியக் கிண்ணம், சுவரில் ஒரு கடிகாரம்.

பேசாமல் எப்படி வேலை நடந்தது என்றால், ஜாடையில் நடந்தது. "இந்தக் கரண்டி எங்க போய் ஒளிஞ்சுக்கிச்சோ" என்று மூத்தவள் கரண்டியைத் திட்டுவாள். இளையவள் வாயைத் திறக்காமல் அதை எடுத்து மேடையில் வைப்பாள். "கழுவுற தொட்டி நிரம்புதே, யாருக்குக் கவலை" என்று இளையவள் தொட்டியிடம் முறையிடுவாள். மூத்தவள் போய் அடைப்பை நீக்குவாள். அண்ணனும் தம்பியும் ஆரம்பத்தில் சமாதானம் பேசப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டு, அதன்பிறகு வெளியே மழை வருமா என்று மட்டும் பேசிக்கொண்டார்கள்.

ஜாடையில் எல்லாம் ஓடியது, ஒன்றைத் தவிர. அந்த அடுப்படியில் ஒரு வழக்கம் இருந்தது. தண்ணீரில் உப்பு போட்டவர் சத்தமாக, "உப்பு போட்டாச்சு" என்று சொல்ல வேண்டும். கேட்டவர், "சரி" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். கரைந்த உப்பைக் கண்ணால் பார்க்க முடியாது. கூட்ட நேரத்தில் யார் போட்டது, எப்போது போட்டது என்று ஞாபகம் வைக்கவும் முடியாது. அதற்காக மூத்தவள் ஏற்படுத்திய வழக்கம்தான். மூன்று வாரமாக அந்தச் சத்தம் நின்றுபோயிருந்தது. அவரவர் அடுப்பை அவரவர் பார்த்துக்கொண்டதால் குறை தெரியவில்லை.

அன்று தெரிந்தது.

நாலு தெரு தள்ளி ஒரு பெரிய அலுவலகம். அங்கே இருக்கும் நாற்பது பேருக்குத் தினமும் மதியச் சாப்பாடு அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார்கள். முதலில் ஒருநாள் நாற்பது பெட்டிகளும் அனுப்புங்கள், சாப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறோம் என்றாள் நிர்வாகத்து அம்மாள். ஏற்கெனவே இரண்டு கடைகளை அவள் நிறுத்தியிருந்தாள். பெட்டியைத் திறந்தால் களிம்பு மாதிரி இருந்தது என்பது அவளுடைய குற்றச்சாட்டு. இந்த வேலை கிடைத்தால் அடுப்படிக்கு இன்னொரு ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று அண்ணன் சொல்லியிருந்தார். மூத்தவளுக்கு அந்த இன்னொரு ஆளின் முகம்கூடக் கனவில் வந்தது. அந்த ஆள் வந்து அடுப்புக்கு முன்னால் நிற்க, இவள் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டுகிறாள். கனவில் வேறெதுவும் நடக்கவில்லை. அதுவே போதுமாக இருந்தது.

இருபது பெட்டி பாஸ்தா, இருபது பெட்டி நூடுல்ஸ். எந்த பாஸ்தா என்று மூத்தவள் இரண்டு நாள் யோசித்தாள். ஸ்பகெட்டி பெட்டியில் போனால் ஒன்றோடொன்று ஒட்டிக் கயிறாகிவிடும். மெல்லிய ரகங்கள் மூன்று நான்கு நிமிடத்தில் வெந்துவிடும், மூடிய பெட்டியின் சூட்டிலேயே குழைந்தும்விடும். வண்ணத்துப்பூச்சி மாதிரி இருப்பதில் இறக்கை வெந்தாலும் நடுமுடிச்சு வேகாமல் நிற்கும். பென்னேதான் பயணம் தாங்கும். கனமான சுவர் உள்ள குழாய், பொறுமையான சாதி. பாக்கெட்டில் பதினொரு நிமிடம் என்று போட்டிருக்கும். தட்டில் பரிமாறுவதானால் ஒன்பதில் வடித்து, மிச்சத்தைச் சாஸில் வேகவிடுவாள். பெட்டிக்கு அதற்கும் முன்னால் எடுக்க வேண்டும். எடுத்த பிறகும் அது வெந்துகொண்டேதான் இருக்கும். பாக்கெட்டில் 'அல் டென்டே' என்று அச்சடித்திருப்பதற்கு அந்த அடுப்படியில் கடிபதம் என்று பெயர். பல் உள்ளே இறங்க வேண்டும், இறங்கும்போது கடைசியில் லேசாகத் தடுக்கவும் வேண்டும்.

காலையில் பெரிய பானையில் இருபது லிட்டர் தண்ணீர் பிடித்து மூத்தவள் இடது அடுப்பில் ஏற்றினாள். இரண்டு கிலோ பென்னேக்கு அவ்வளவு வேண்டும். தண்ணீர் குறைந்தால் பாஸ்தாவைப் போட்டதும் கொதி அடங்கிப்போகும், மாவு நீர் தடித்து எல்லாம் ஒட்டிக்கொள்ளும். உப்பு லிட்டருக்குப் பத்து கிராம் கணக்கு. அலுமினியக் கிண்ணம் வழித்து ஒரு கிண்ணம் என்றால் இருபது லிட்டருக்குச் சரியாக வரும். கொதி வந்தபின் போட்டுக்கொள்ளலாம் என்று பானையை மூடினாள். வலது அடுப்பில் இளையவளும் அதே அளவு தண்ணீரை ஏற்றியிருந்தாள். அதற்கு உப்பு கிடையாது. அவர்கள் வாங்கும் காய்ந்த நூடுல்ஸில் மாவிலேயே உப்பு சேர்த்துப் பிசைந்திருப்பார்கள்.

தண்ணீர் சூடாகிக்கொண்டிருந்தபோது கல்லாவிலிருந்து அண்ணன் கூப்பிட்டார். பெட்டிகள் வந்திருக்கின்றன, மூடிகள் வரவில்லை. மூத்தவள் போய்ப் பார்த்தாள். மூடிகள் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குக் கீழேயே இருந்தன. அவரை நாலு வார்த்தை சொல்லிவிட்டு, மூடிகளைப் பெட்டிகளோடு பொருத்திப் பார்த்துவிட்டு அவள் திரும்பியபோது பானை தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. மூடி விலக்கி வைக்கப்பட்டிருந்தது. இளையவள் தொட்டியில் வடிகட்டிகளைக் கழுவிக்கொண்டு நின்றாள்.

மூடி ஏன் விலகியிருக்கிறது என்று மூத்தவள் யோசிக்கவில்லை. பொங்கியிருக்கும், விலக்கியிருப்பாள். வேறு நாளாக இருந்தால் ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்த்திருப்பாள். அன்று கால் விண்விண்ணென்று தெறித்தது, கடிகாரம் துரத்தியது. கிண்ணத்தில் உப்பை வழித்து அள்ளித் தண்ணீரில் கொட்டினாள். வாய் பழக்கத்தில் திறந்தது. திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டாள். பென்னேயைக் கொட்டி, அடியில் ஒட்டாமல் முதல் இரண்டு நிமிடம் கிளறிவிட்டாள். பக்கத்தில் அகலச் சட்டியில் தக்காளிச் சாஸ் சுண்டிக்கொண்டிருந்தது. பாஸ்தா வெந்த நீரைச் சேர்த்த பிறகே சாஸின் உப்பைப் பார்ப்பது அவள் பழக்கம். அதனால் அதில் இன்னும் உப்பு சேர்க்கவில்லை. பின்னால் இதுதான் கடையைக் காப்பாற்றியது.

ஆறாவது நிமிடத்தில் ஒரு பென்னேயை எடுத்து ஊதிக் கடித்தாள். பதம் பார்க்கத்தான் கடித்தாள். பதத்துக்குப் போகும் முன்பே நாக்கு சுருண்டது. கடல் தண்ணீரைக் குடித்தவள் மாதிரி துப்பினாள். இன்னொன்றை எடுத்துக் கடித்தாள். அதுவும் கரித்தது. அப்போதுதான் விலகியிருந்த மூடி ஞாபகத்துக்கு வந்தது.

தட்டுகளைத் துழாவினாள். வேறு பென்னே இல்லை. மேல்தட்டில் அரை பாக்கெட் ஸ்பகெட்டியும், கால் பாக்கெட் சுருள் பாஸ்தாவும், என்றைக்கோ மிஞ்சிய சங்குவடிவமும் கிடந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரத்தில் வேகும், சேர்த்துப் போட்டால் ஒன்று கரைந்திருக்கும், ஒன்று கல்லாக இருக்கும். இருபது லிட்டர் தண்ணீர் புதிதாகக் கொதிக்க அரை மணிக்குமேல் ஆகும். வண்டி அதற்குள் கிளம்ப வேண்டும். பானைக்குள் இரண்டு கிலோ பென்னே நேரத்தைப் பற்றிக் கவலைப்படாமல் வெந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு நொடியும் அது உப்பைக் குடித்தது.

வலது அடுப்பில் தண்ணீர் கொதித்தது. நிறையத் தண்ணீர், உப்பில்லாத தண்ணீர். இளையவள் நூடுல்ஸ் பாக்கெட்டைப் பிரித்து அதன் பக்கத்தில் வைத்திருந்தாள்.

மூத்தவளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று அந்தக் கணமே தெரிந்துவிட்டது. வேகாத மிச்சத்தை உப்பில்லாத கொதிநீரில் வேகவிட்டால் உள்ளே போன உப்பு கொஞ்சமாவது வெளியே வரும். மீதியை உப்பில்லாத சாஸ் வாங்கிக்கொள்ளும். ஆனால் அந்தத் தண்ணீர் அவளுடையது அல்ல. பென்னே போட்ட தண்ணீர் கலங்கி உப்பேறிவிடும், அதில் நூடுல்ஸைப் போட முடியாது. எடுத்துக்கொண்டால் இளையவளின் இருபது பெட்டிகள் அந்தரத்தில் நிற்கும். ஜாடையில் கேட்கிற விஷயமா இது? "இந்தத் தண்ணி யாருக்கோ உதவாதா" என்று பானையைப் பார்த்துப் புலம்ப முடியுமா? முதல் வார்த்தை பேசுகிறவர் தோற்றார் என்பதுதான் இந்த மூன்று வாரத்தின் ஒரே சட்டம். அவளுக்குத் தோற்பதில்கூட வருத்தம் இல்லை, அதற்கு வேண்டிய தெம்பு இல்லை என்பதுதான் வருத்தம்.

"இந்தா" என்றாள் மூத்தவள். "உப்பு ரெண்டு தடவை விழுந்திருச்சு. உன் தண்ணி வேணும்."

இளையவள் பானையைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், பிரித்து வைத்த நூடுல்ஸைப் பார்த்தாள். மூத்தவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஒரு சிரிப்போ ஒரு பெருமூச்சோ வந்திருந்தால் அவள் உடைந்து போயிருப்பாள். இரண்டும் வரவில்லை. இளையவள் நூடுல்ஸைத் தள்ளி வைத்துவிட்டு இரண்டு பிடிதுணிகளை எடுத்தாள், ஒன்றை மூத்தவளிடம் நீட்டினாள்.

"ஒரு காது நீங்க பிடிங்கக்கா" என்றாள்.

ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கித் தொட்டியில் இருந்த பெரிய வடிகட்டியில் கவிழ்த்தார்கள். ஆவி இருவர் முகத்திலும் அடித்தது. வடிந்ததும் நிற்காமல் வலது பானையில் கொட்டினார்கள். கொதி சட்டென்று அடங்கியது. மூத்தவள் மூடியை எடுத்து மூடினாள், மறுபடி பொங்கத் தொடங்கியதும் விலக்கினாள். இனி கடிகாரம் உதவாது. வடித்த நேரத்தில் எவ்வளவு வெந்தது, கொதி அடங்கிய நேரத்தில் எவ்வளவு வேகாமல் நின்றது என்று எந்தப் பாக்கெட்டும் சொல்லாது. பல்தான் கணக்கு.

நூடுல்ஸுக்கு வழி இளையவளே கண்டுபிடித்தாள். நூடுல்ஸ் நாலு நிமிடச் சரக்கு, பதினொரு நிமிடம் நிற்கும் குழாய் அல்ல. சிறிய பாத்திரங்களில் பங்கு போட்டு வேகவைத்தாலும் நேரத்துக்கு முடியும். இரண்டு மின்கெட்டில்களில் தண்ணீரைப் பொங்கவைத்துப் ஓரத்துச் சின்ன அடுப்புகளில் இருந்த இரண்டு நடுத்தரப் பானைகளில் ஊற்றினாள். அது கொதிப்பதற்குள் கெட்டில்களை மறுபடி நிரப்பினாள். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, நாலு நிமிடத்துக்கு முன்பே அள்ளி, குளிர்ந்த நீரில் அலசி வேகுவதை நிறுத்தி, எண்ணெய் தடவி விரித்தாள். தண்ணீர் கலங்கக் கலங்க மாற்றினாள். கை ஓடிக்கொண்டே இருந்தது.

மூத்தவள் ஒரு பென்னேயை எடுத்துக் கத்தியால் குறுக்கே வெட்டினாள். குழாயின் சுவருக்கு நடுவில் வெள்ளைக் கோடு தடியாகத் தெரிந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. கோடு மெலிந்து நூல் மாதிரி ஆகியிருந்தது. பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டு மறுபாதியைக் கரண்டியோடு இளையவளிடம் நீட்டினாள். கண்ணைத் திறந்து வைக்கவே சிரமப்படுகிற இளையவள், கண்ணை மூடிக்கொண்டு மென்றாள்.

"உப்பு இருக்கு. ஆனா வாயில வைக்கலாம்" என்றாள் இளையவள். "கடிக்குது. இப்பவே எடுத்துருங்க, பெட்டியில சரியாயிரும்."

எடுத்தார்கள். உப்பில்லாத சாஸில் புரட்டி, வலது பானையின் கலங்கல் நீரில் ஒரு கரண்டி மட்டும் விட்டு வழவழப்பாக்கினார்கள். தம்பி வந்து வண்டியைக் கிளப்பியபோது சொன்ன நேரம் தாண்டிக் கொஞ்சம்தான் ஆகியிருந்தது. அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். என்னவோ நடந்திருக்கிறது என்று புரிந்தது. கேட்டால் வம்பு என்பதும் புரிந்தது. மழை வராது போலிருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு கடையின் வழக்கமான கூட்டம். அது ஓய்ந்ததும் இளையவள் பின்கதவுக்குப் பக்கத்தில் ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். மூத்தவள் மேடையில் சாய்ந்து நின்றாள்.

"மூடி தடதடன்னு ஆடிச்சு. நீங்க வரக் காணோம். அதான் நானே உப்பு போட்டேன்" என்றாள் இளையவள், தரையைப் பார்த்து. "நீங்க மறுபடி போடும்போது பார்த்துட்டுதான் இருந்தேன்க்கா. சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு."

மூத்தவளுக்குச் சுரீரென்றது. நாற்பது பெட்டிகளும், கனவில் வந்த ஆளும், நாற்காலியும், எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் தொங்கியிருக்கின்றன. இவள் வாயை மூடிக்கொண்டு வடிகட்டி கழுவியிருக்கிறாள். கோபம் கிளம்பி நெஞ்சு வரைக்கும் வந்தது. அங்கேயே களைத்து உட்கார்ந்துவிட்டது. தன் வாய் திறந்து மூடியதும் அவளுக்கு ஞாபகம் வந்தது. அந்தக் கிண்ணத்தைக் கொட்டியபோது, "உப்பு போட்டாச்சு" என்று பழக்கப்படி சொல்லியிருந்தாலே போதும். இவள் பதறி ஓடி வந்திருப்பாள்.

"நானா இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்" என்றாள் மூத்தவள்.

அது மன்னிப்பா, உண்மையா என்று இருவரும் ஆராயவில்லை. ஆராயவும் தெம்பு வேண்டும்.

மூன்று மணி வாக்கில் அண்ணன் போனைக் காதிலிருந்து எடுத்தபடியே உள்ளே வந்தார். நிர்வாகத்து அம்மாள் பேசினாளாம். பாஸ்தா குழையாமல் கடிக்கப் பதமாக இருந்ததாம், நூடுல்ஸ் பிரிந்து பிரிந்து வந்ததாம். அடுத்த வாரத்திலிருந்து தினமும் அனுப்பச் சொல்லிவிட்டாள். அவர் சற்றுத் தயங்கினார்.

"பாஸ்தாவுல உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கலாம். குறைச்சுக்கச் சொன்னாங்க" என்றார்.

இளையவள்தான் முதலில் சிரித்தாள். மூத்தவளுக்கும் தொற்றிக்கொண்டது. சத்தமில்லாத சிரிப்பு. தோள் மட்டும் குலுங்கியது, கண்ணில் நீர் வந்தது. உப்பு தூக்கல் என்பதில் என்ன வேடிக்கை என்று அண்ணன் கேட்டார். இருவரும் இன்னும் குலுங்கினார்கள். அவர் கல்லாவுக்குத் திரும்பிப் போனார்.

"நாளைக்கு நீ வராத" என்றாள் மூத்தவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நான் பார்த்துக்கறேன். தூங்கு."

"உங்க கால்?"

"அதுக்கு நாளன்னைக்கு லீவு குடுப்போம். இப்ப போய்ச் சரக்கு அறையில கொஞ்சம் சாய். சாயங்காலக் கூட்டத்துக்கு நேரம் இருக்கு."

இளையவள் எழுந்து போனாள். சரக்கு அறையில் அட்டைப்பெட்டிகளை விரித்து அதன்மேல் சுருண்டாள்.

சாயங்காலத்துக்கு மூத்தவள் சின்னப் பானையில் தண்ணீர் வைத்தாள். கொதி வந்ததும் அளந்து உப்பைப் போட்டாள். இந்த முறை ஒரு துளியை நாக்கில் வைத்தும் பார்த்தாள். பிறகு சரக்கு அறைப் பக்கம் திரும்பி, "உப்பு போட்டாச்சு" என்றாள்.

'சரி' வரவில்லை. போய் எட்டிப் பார்த்தாள். இளையவள் வாயைத் திறந்துகொண்டு அடித்துப் போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கால் அட்டையிலிருந்து வெளியே நீட்டியிருந்தது. மூத்தவள் எழுப்பவில்லை. அடுப்புக்குத் திரும்பி, பானையைப் பாதி மூடி, உப்புக் கிண்ணத்தை அந்த மூடியின்மேல் கவிழ்த்து வைத்தாள். எழுந்து வருகிறவளுக்குத் தெரிய வேண்டும் அல்லவா. பிறகு அவள் காலிப் பெட்டியை இழுத்துப் போட்டு, எழ முடியுமா என்று யோசிக்காமல் உட்கார்ந்தாள்.